திடுக்கிட வைக்காத இசை

1940 ஜூன் மாதம், போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, பிபிசி வானொலி ‘மியூசிக் ஒயில் யூ ஒர்க்’ என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. பிரிட்டனின் ஆலைகளில் ஒலிபெருக்கி வழியாகத் தினமும் இரண்டு வேளை, அரை அரை மணி நேரம் இசை. தொழிலாளிகளின் கை அலுப்பில் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தாளம் சீராகப் போக வேண்டும், சத்தம் ஏறி இறங்கக் கூடாது, எந்திர இரைச்சலுக்கு மேலே மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று வாத்தியக் குழுக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற பாட்டு அப்போது பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆனாலும் ஆலை நேரத்தில் அதைப் போடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அந்தப் பாட்டின் நடுவே நாலு கைதட்டு வரும். அது வந்ததும் தொழிலாளிகள் வேலையை விட்டுவிட்டுத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

ஆலைத் தொழிலாளிக்குக் கை ஓட வேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் புரோகிராமருக்கோ கை பெரும்பாலும் சும்மா இருக்கும் நேரம்தான் முக்கியமான நேரம். அப்போது அவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், எந்த இசை அவருக்கு ஒத்துவரும், எது காலை வாரிவிடும் என்று சொல்ல முடியும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பில் போடும் மென்பொருள் ஒன்றில் கணக்கு ஒரு பைசா உதைக்கிறது. வாங்கியது 33.35 ரூபாய் விலையில் மூன்று பொருள்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக வரி போட்டால் 6.003 வரும், ரவுண்ட் செய்தால் 6.00, மூன்றுக்கும் சேர்த்து 18.00. அதையே மொத்தத் தொகையான 100.05-க்கு ஒரே தடவையாகப் போட்டால் 18.009, ரவுண்ட் செய்தால் 18.01. திரையில் காட்டும் கோடு ஒரு முறையில் கணக்குப் போடுகிறது, பிரிண்ட் எடுக்கும் கோடு இன்னொரு முறையில் போடுகிறது. இதை இப்படி நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவருக்கு இது எதுவும் தெரியாது. ஒரு ஃபங்ஷனைத் திறந்து படிக்கிறார். அது இன்னொன்றைக் கூப்பிடுகிறது. அங்கே போனால் தள்ளுபடி கழிகிறது, அதற்கு அடுத்ததில் வரி சேர்கிறது, எங்கோ ஓரிடத்தில் ரவுண்ட் ஆகிறது. எது முதலில், எது பிறகு, இந்த இடத்தில் தொகை என்னவாக இருந்தது என்பதையெல்லாம் அதே வரிசையில் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போகிறார். உதடு அசையாது. ஆனால் உள்ளே ஒரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வரிசையில் ஒரு கண்ணி நழுவினாலும், திரும்ப முதல் ஃபங்ஷனிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வரிசையை மனசில் பிடித்து வைக்கும் இந்த வேலையைக் குறிவைத்துத் தாக்கும் சத்தம் எது என்று மனவியலாளர்கள் ஐம்பது வருஷமாக ஆராய்ந்து வருகிறார்கள். சோதனை எளிதானது. திரையில் எழுத்துகளோ எண்களோ ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும். முடிந்ததும் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் ஏதோ ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இருவர், ஜெர்மன் தெரியாதவர்களுக்கு ஜெர்மன் பேச்சை ஓடவிட்டு இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்தப் பேச்சே நினைவைக் குலைத்தது. கண்ணால் பார்த்ததை நினைவு வைக்கும் வேலைக்குக் காதில் விழும், அர்த்தம் தெரியாத சத்தம் குறுக்கே வருகிறது. சத்தத்தைக் குறைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் தாழ்ந்த குரலில் பேசினாலும் நம் வேலை கெடுவது இதனால்தான். 1989-இல் சலாமே, பேட்லி இருவரும் இதே சோதனையை இசையை வைத்துச் செய்தார்கள். பாடல் வரியுள்ள இசை, வெறும் வாத்திய இசையைவிட அதிகமாகக் குலைத்தது.

எல்லாச் சத்தமும் குலைப்பதில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. இங்கிலாந்தின் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிஃப் என்று பலரும் தவறாகச் சொல்வதுண்டு. வேல்ஸ் தனி நாடு, அதன் தலைநகரம் கார்டிஃப். அங்கே டிலன் ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரே ஓர் அசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பெரிய பாதிப்பு இல்லை. வெவ்வேறு அசைகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டபோது வரிசை குலைந்தது. பேச்சே வேண்டாம், சுருதி மாறும் வெறும் ‘பீப்’ சத்தமே போதும், அதுவும் குலைத்தது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: காதுக்குக் கதவு இல்லை, வரும் சத்தத்தை நாம் கேட்காவிட்டாலும், ஒன்றுக்கு அடுத்து வேறொன்று வந்தால் மூளை அதைத் தானாகவே ஒரு வரிசையாகக் கோத்து வைக்கிறது. நாம் வலிந்து பிடித்து வைத்திருக்கும் வரிசையோடு அது மோதுகிறது. வந்ததே வந்துகொண்டிருந்தால் கோப்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு தொந்தரவு தனி ரகம். சீராக ஓடும் சத்தத்தின் நடுவே எதிர்பாராத ஒன்று வந்தால், செய்யும் வேலை எதுவானாலும் கவனம் ஒரு கணம் அதன் பக்கம் திரும்பிவிடுகிறது. சத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. வழக்கத்துக்கு மாறாக இருந்தாலே போதும். நின்றுபோவதும் அப்படித்தான். தலைக்கு மேலே ஓடும் ஃபேனை நாம் கேட்பதே இல்லை. கரண்ட் போய் அது நிற்கும்போதுதான் இவ்வளவு நேரம் அது ஓடியதே தெரிகிறது.

இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு நம்முடைய பிளேலிஸ்ட்டைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். இளையராஜாவின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவி முடிந்ததும் வயலின்கள் கூட்டமாக நுழையும், அது அடங்குவதற்குள் புல்லாங்குழல் தனியாக எழும், பேஸ் கிடார் அடியில் வேறொரு மெட்டை வாசிக்கும், எதிர்பாராத இடத்தில் சரணம் பிடிக்கும். சில விநாடிகளுக்கு ஒரு முறை புதிதாக ஒன்று நடக்கிறது. அவருடைய மேதைமை அங்கேதான் இருக்கிறது. அதனாலேயே அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு அந்த ஒரு பைசாவைத் தேட முடியாது. ஆயிரம் தடவை கேட்ட பாட்டுதானே, அடுத்து என்ன வரும் என்று தெரியுமே என்று கேட்கலாம். தெரியும், ஆகவே திடுக்கிடல் குறையும். ஆனால் மனசுக்குள் கூடவே பாட ஆரம்பித்துவிடுவோம். தொகையையும் வரியையும் சொல்லிக்கொண்டிருந்த அதே உள்குரலைப் பாட்டு எடுத்துக்கொள்ளும். தாய்மொழி வரிகளுக்கு இந்தச் சக்தி இன்னும் அதிகம். வார்த்தையே இல்லாத மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கும் இது பொருந்தும்: கோர்வை எங்கே போய் முடியப் போகிறது என்று காத்திருக்க வைப்பதுதான் அதன் அழகு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கேட்க வேண்டியவை இவை. நல்ல இசையைப் பின்னணிக்குத் தள்ளி வீணடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் சலிப்பூட்டும் இசைதான் வேலைக்கு உகந்ததா? இல்லை. சீராகவும் இருந்து உயிரோடும் இருக்கும் இசையை எப்படிச் செய்வது என்பதை 1970-களில் இரண்டு பேர் இரண்டு வழியில் காட்டினார்கள். அமெரிக்கரான ஸ்டீவ் ரைஷ், கானா நாட்டுக்குப் போய் அங்குள்ள மேளத்தைக் கற்றவர். அவருடைய ‘மியூசிக் ஃபார் எய்ட்டீன் மியூசிஷியன்ஸ்’ 1976-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் அந்தப் படைப்பில் பியானோவும் மரிம்பாவும் ஒரே வேகத்தில் துடித்துக்கொண்டே இருக்கும்; அந்தத் துடிப்பு எங்கும் முறியாது. தொடக்கத்தில் பதினோரு ஸ்வரக் கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. பிறகு ஒவ்வொரு கூட்டின் மேலும் சில நிமிடங்களுக்கு ஒரு பகுதி எழும்புகிறது. மாற்றம் இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்வரம் கூடுவதும் ஒரு வாத்தியம் மெல்லத் தேய்வதுமாக அது நடக்கும். குரல்களும் உண்டு, அவையும் வார்த்தை பேசாமல் வாத்தியங்களோடு கலந்துவிடும். அடுத்த பகுதி வருகிறது என்பதை வைப்ரஃபோன் மணி போல ஒலித்து வாசிப்பவர்களுக்குச் சொல்லும். முதல் தடவை கேட்பவருக்கு அந்த மணி ஒரு சின்ன இடையூறுதான். ஓரிரு முறை கேட்ட பிறகு அதுவும் பழகிவிடும்.

பிரையன் ஈனோ 1978-இல் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ எதிர்த் திசையில் போனது. அதில் தாளமே கிடையாது. இரண்டாவதாக வரும் பகுதியில் மனிதக் குரல்கள் ஒவ்வொன்றும் ‘ஆ’ என்று ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பாடுகின்றன. ஒவ்வொரு குரலும் தனித்தனி டேப் வளையத்தில் சுற்றுகிறது. ஒன்று இருபத்து மூன்றரை விநாடிக்கு ஒரு முறை திரும்பி வரும். இன்னொன்று ஏறத்தாழ இருபத்தாறு விநாடிக்கு. மற்றொன்று ஏறத்தாழ முப்பது விநாடிக்கு. வளையங்களின் நீளம் ஒன்றோடொன்று ஒட்டாததால், குரல்கள் சேரும் விதம் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த ஸ்வரம் எப்போது வரும் என்று யாராலும் கணிக்க முடியாது. பிறகு ஏன் திடுக்கிடுவதில்லை? ஒவ்வொரு ஒலியும் மௌனத்திலிருந்து மெதுவாக எழுந்து, மெதுவாகவே கரைகிறது; எங்கும் கூரான விளிம்பு இல்லை. சோதனைகளிலும் இதையொட்டிய முடிவு கிடைத்திருக்கிறது: ஸ்வரங்களை வெட்டி வெட்டி வாசித்த இசை, இழைத்து வாசித்த இசையைவிட நினைவை அதிகம் குலைத்தது. நம் தம்புராவும் இந்த வகைதான். பஞ்சமம், ஷட்ஜம், மறுபடி ஷட்ஜம், கீழ் ஷட்ஜம் என்று நாலு தந்தி, ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது. போனில் தம்புரா ஆப் ஒன்றை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு வேலை செய்து பாருங்கள். கச்சேரிக்கு அடித்தளமாக இருப்பதற்கென்றே உருவான ஒலி அது. தன்னைக் கவனிக்கச் சொல்லி ஒருபோதும் கேட்காது.

இன்று புரோகிராமர்கள் அதிகம் கேட்பது லோ-ஃபை என்ற வகை. நிமிடத்துக்கு எழுபதிலிருந்து தொண்ணூறு அடி என்ற நிதானமான டிரம்ஸ், நாலு பார் நீளத்தில் திரும்பத் திரும்ப வரும் ஜாஸ் பியானோ, அதன் மேல் பழைய இசைத்தட்டின் கரகரப்பு. உச்ச ஸ்தாயி ஒலிகளை வேண்டுமென்றே மழுக்கிவிடுவதால் சிம்பல் அடியும் காதில் குத்தாது. இவற்றில் எது சிறந்தது என்று எனக்குத் தரவரிசை கிடையாது. கேட்கத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, இப்போது என்ன ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாமல் இருந்தால் அது சரியான இசை.

இசையைச் சரியாகத் தேர்ந்த பிறகும் காரியம் கெடுவது பெரும்பாலும் இரண்டு பாட்டுக்கு நடுவில்தான். ஒன்று முடிந்து சில விநாடி மௌனம், அடுத்தது இரண்டு மடங்கு சத்தத்தில் தொடக்கம். இலவசச் சேவையாக இருந்தால் இடையில் அலறும் விளம்பரம். ஷஃபிளில் போட்டால் தியானம் போன்ற ஒன்றுக்கு அடுத்து எது வரும் என்பது அதிர்ஷ்டம். ஆகவே மூன்று நிமிடப் பாட்டுகள் இருபதைவிட ஒரு மணி நேரம் ஓடும் ஒரே படைப்பு மேல். பாட்டுகளாகத்தான் வேண்டும் என்றால், பிளேயரில் சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பையும், ஒன்று முடியும்போதே அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேட் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

ஒரு ஃபைல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்தே பார்க்கலாம். புரோகிராமர்களின் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இருக்கும் ffmpeg போதும்:

```
ffmpeg -nostats -i paattu.mp3 -af ebur128 -f null -
```

ஓடி முடிந்ததும் கடைசியில் வரும் சுருக்கத்தில் LRA என்ற எண்ணைப் பாருங்கள். பாட்டின் மெல்லிய பகுதிகளுக்கும் உரத்த பகுதிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அது டெசிபல் அளவில் காட்டும். எண் சிறியதாக இருந்தால் சத்தம் சமமாக ஓடுகிறது என்று பொருள். ஆனால் இதை மட்டும் நம்பிவிட முடியாது. மூன்று மூன்று விநாடியாகச் சராசரி எடுத்து, அதிலும் ஆக மெல்லிய பத்து சதவீதத்தையும் ஆக உரத்த ஐந்து சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டுத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாற்பதாவது நிமிடத்தில் ஒரே ஒரு முறை விழும் பெரிய அடி அதில் சிக்காது. சுருதியும் வாத்தியமும் மாறுவதும் தெரியாது. புதிய ஒன்றை முதலில் மெயில் பார்க்கும் நேரத்தில் முழுதாக ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் கடினமான வேலைக்கு எடுத்துச் செல்வதுதான் நம்பகமான வழி.

இவ்வளவும் செய்த பிறகு இந்த இசை நமக்கு என்ன தருகிறது? இங்கேதான் பலரும் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது என் கருத்து. வரிசையை நினைவில் வைக்கும் சோதனைகளில், சீரான ஒலி மௌனத்தோடு ஒப்பிடும்படி நிற்கிறது. மௌனத்தைவிட நினைவைக் கூர்மையாக்கிவிடவில்லை. அது செய்யும் முதல் உபகாரம், பக்கத்து சீட்டின் பேச்சுக்கு முன்னால் ஒரு திரைச்சீலையாகத் தொங்குவது. கூட்டமான ஐடி அலுவலகத்தில் அது சிறிய உபகாரம் இல்லை. ஆனால் பேச்சை முழுக்க மறைக்கிறேன் என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. காதுக்குப் பாதுகாப்பான அளவாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம், ஐந்து நாள் ஹெட்போன் மாட்டுபவருக்கு அந்த ஒதுக்கீடு அலுவலகத்திலேயே தீர்ந்துவிடும். பஸ்ஸில் கேட்பதற்கு மிச்சம் இருக்காது. வெளிச் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் இருந்தால் இசையைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உபகாரம் மனநிலை. 2005-இல் தெரசா லெசியுக் என்ற ஆய்வாளர் கனடாவின் நான்கு நிறுவனங்களில் மென்பொருள் உருவாக்கும் 56 பேரை ஐந்து வாரம் கவனித்து எழுதினார். தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டு வேலை செய்தவர்களிடம் இசையை நிறுத்திய வாரத்தில் உற்சாகம் குறைந்தது, வேலையின் தரமும் தாழ்ந்தது, அதே மாதிரியான வேலைக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. தரத்தையும் மனநிலையையும் அவர்களே சொல்லித்தான் பதிவு செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் உண்மையான அலுவலகம், உண்மையான வேலை. எழுத்துகளை ஒப்பிக்கும் சோதனைக்கூடம் இல்லை. மனசு லேசாக இருந்தால் வேலை ஓடும் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஒரு சோதனையை டாம் டிமார்கோவும் டிமோதி லிஸ்டரும் 1987-இல் வந்த ‘பீப்பிள்வேர்’ புத்தகத்தில் சொல்கிறார்கள். 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கம்ப்யூட்டர் மாணவர்களில் இசையோடு வேலை செய்யப் பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் என்று பிரித்து, இரு தரப்பிலும் பாதிப் பேரை மௌனமான அறையிலும் மீதிப் பேரை இசை கேட்கும் வசதியுள்ள அறையிலும் உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை: வரும் எண்கள் மீது வரிசையாகப் பல கணக்குகளைச் செய்து விடையைத் தரும் ஃபோர்ட்ரான் புரோகிராம். எண்ணை இரண்டு இலக்கம் இடப்பக்கம் நகர்த்து, பிறகு நூறால் வகு என்ற மாதிரி ஏறத்தாழ ஒரு டஜன் படிகள். இரண்டு அறைக்கும் வேகத்திலோ பிழையிலோ வித்தியாசம் இல்லை.

ஆனால் கேள்வியில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருந்தது. இரண்டு இலக்கம் நகர்த்தினால் நூறு மடங்கு. நூறால் வகுத்தால் பழைய எண். இப்படியே எல்லாப் படிகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். கடைசியில் வரும் விடை, உள்ளே போன அதே எண்தான். புரோகிராமே எழுதத் தேவையில்லை. சிலர் இதைக் கண்டுகொண்டார்கள், பலர் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மௌன அறையில் இருந்தவர்கள் என்கிறது புத்தகம். இடது மூளை கணக்குப் போடுகிறது, வலது மூளை இசையில் மூழ்கிவிடுகிறது என்று ஆசிரியர்கள் தரும் விளக்கம் இன்று அவ்வளவு எளிதாக எடுபடாது. சோதனையைப் பற்றியும் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை, எண்ணிக்கைகள் இல்லை. ஆனாலும் இந்த வேலையில் ஊறியவர்களுக்கு அந்த வித்தியாசம் பழக்கமானது. சொன்ன படிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போவது ஒரு வேலை. நிமிர்ந்து, இந்தப் படிகள் எல்லாம் எதற்கு என்று கேட்பது வேறொரு வேலை.

நான் பார்த்த வரையில் அனுபவமுள்ள புரோகிராமர்கள் பலர் இந்த எல்லையைத் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். என்ன எழுத வேண்டும் என்று முடிவாகி, எழுதுவது மட்டும் பாக்கி இருக்கும்போது இசை ஓடும். டெஸ்ட் எழுதும்போது, பழைய ஃபைல்களில் பெயர் மாற்றும்போது, ஒரே மாதிரியான பத்து ஃபார்ம்களைச் செய்யும்போது லோ-ஃபையோ ரைஷோ காதில் இருக்கும். அடுத்தவர் எழுதிய கோடை முதல் தடவையாகப் படிக்கும்போது ஹெட்போன் காதிலேயே இருக்கும், உள்ளே சத்தம் இருக்காது. யாரும் கூப்பிடாமல் இருப்பதற்காக மட்டும் அது தலையில் இருக்கும். இந்த மாற்றத்தை எப்போது செய்வது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரே வரியை மூன்றாவது தடவையாகப் படிக்கிறீர்கள், இந்த வேரியபிள் எங்கிருந்து வந்தது என்று மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வருவதற்குள் மறந்துபோகிறது என்றால், பாஸ் பட்டனை அழுத்திவிட்டு அந்த வரிசையை ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்க வேண்டிய நேரம் அது.